மூன்று தறி, பன்னிரண்டு இடம்: பவானியில் ஒரு வார இறுதிப் பயிலரங்குக்கு டிக்கெட் விற்ற விதம்

பவானி ஜமக்காளத்தைத் தறியில் உட்கார்ந்தே கற்றுக்கொள்ளும் சனி, ஞாயிறு பயிலரங்கை இதுவரை இரண்டு முறை நடத்தியிருக்கிறோம். முதல் முறை டிக்கெட் எல்லாம் விற்றுப்போனது. ஆனாலும் வந்தவர்களில் 9 பேர் தறியில் உட்காராமலே வீடு திரும்பினார்கள். இரண்டாம் முறை அதைவிடக் குறைந்த இடம், அதைவிடக் கூடுதல் கட்டணம். வந்த அத்தனை பேரும் நெய்தார்கள், எங்களுக்கும் கை கடிக்கவில்லை. நோட்டீஸிலும் புக்கிங் முறையிலும் நாங்கள் மாற்றியது என்ன, ஏன் மாற்றினோம் என்பதை இங்கே எழுதுகிறேன். கைத்தொழில் பயிற்சி நடத்த நினைப்பவர்களுக்குக் கணக்கோடு சொன்னால்தான் பயன்படும் என்பதால் தொகைகளையும் மறைக்கவில்லை.

முதல் முறை நடந்தது

முதல் நோட்டீஸில் ஒரு தறியின் படம், "பாரம்பரிய பவானி ஜமக்காளம் நெய்யக் கற்றுக்கொள்ளுங்கள்" என்ற தலைப்பு, "சனி, ஞாயிறு காலை முதல் மாலை வரை", "கட்டணம் 1,500 ரூபாய்", "குறைந்த இடங்களே உள்ளன, முந்துங்கள்". அடியில் இரண்டு போன் நம்பர். ஒன்று என்னுடையது, இன்னொன்று என் சித்தி மகளுடையது. அவ்வளவுதான்.

எத்தனை இடம் என்று நோட்டீஸில் போடவில்லை. எங்கள் மனதில் இருந்தது 20. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னால் யோசித்தபோதுதான் வெட்கமாக இருந்தது. தறிக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் 20 நாற்காலி போடலாம், அதனால் 20. பயிற்சியோ நாற்காலியில் இல்லை, குழித்தறியில்.

என் நோட்டில் 13 பெயர், தங்கச்சி நோட்டில் 10 பெயர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தது வெள்ளிக்கிழமை ராத்திரி. 23 பேர். அதில் இரண்டு பேர் பணம் அனுப்பியதாக அனுப்பிய படத்தை மறுபடி பார்த்தால் "பெண்டிங்" என்று இருந்தது. அவர்கள் கணக்கில் கழித்த பணம் எங்கள் கணக்குக்கு வராமல் அவர்களுக்கே திரும்பிப் போயிருந்தது. அவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. பணம் போய்விட்டது என்றே நம்பி வண்டி ஏறி வந்தார்கள். வாசலில் நிற்பவரிடம் அதை எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை காலை ஆட்கள் 9:15-இல் இருந்து 11:40 வரை வந்துகொண்டே இருந்தார்கள். "காலை முதல்" என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு காலை. கோயம்புத்தூரில் இருந்து வந்தவர்கள், "லட்சுமி நகர் பைபாஸ்ல இறங்கிட்டோம், எப்படி வரணும்?" என்று கூப்பிட்டபடி இருந்தார்கள். நூலைப் பற்றிச் சொல்லவேண்டிய பாடத்தை மூன்று தடவை சொன்னோம். தறிக்குப் போகும்போது மணி இரண்டரை. ஐந்து மணி வரை எல்லோருடைய நேரத்தையும் குறைத்துக் குறைத்துப் பார்த்தும் 14 பேர்தான் உட்கார முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை விட்டதைப் பிடிக்கலாம் என்றால் அன்றைக்கு நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிணைக்க வேண்டியிருந்தது, தறி ஓடவில்லை.

எங்களுக்குத் தறி கொடுத்த பெரியவர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அன்று சாயந்திரம் குழியில் இருந்து ஏறி வந்து கேட்டார்: "ஏங் கண்ணு, இத்தன பேத்த வரச்சொல்லிப்போட்டு மூணு தறியக் காட்டுனா எப்புடி? கலியாணத்துக்கு எல போடறதுன்னாலும் பந்திக்கு எத்தன எலன்னு பாக்கோணுமல்லோ?"

உட்காராத 9 பேருக்கும் பாதிப் பணம், ஆளுக்கு 750, மொத்தம் 6,750 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த முறை மிஞ்ச வேண்டியது அத்தனையும் அதிலேயே போனது.

இடத்தின் எண்ணிக்கையைத் தறி சொல்லட்டும்

மாமா சொன்ன பந்திக் கணக்கில்தான் இரண்டாம் முறை தொடங்கியது. கூடத்தில் நான்கு குழித்தறி. ஒன்றில் மிதி உடைந்து கிடந்தது. ஆக, மூன்று. புதிதாக ஒருவர் தறியில் இறங்கினால் எவ்வளவு நேரம் வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கடிகாரம் பார்த்தோம். குழியில் இறங்கிக் காலைச் சரியாக வைக்க 5 நிமிடம். எந்த மிதியை அழுத்தினால் எந்தப் பாவு நூல் மேலே எழுகிறது என்று கால் புரிந்துகொள்ள 10 நிமிடம். அதற்குப் பிறகு 20 நிமிடம் நெய்தால்தான் ஒரு பட்டை முழுதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஜமக்காளத்தில் நிறத்தைக் காட்டுவது குறுக்கே ஓடும் ஊடை நூல். பாவு உள்ளே மறைந்துவிடும். தடிமனான ஊடையை நெருக்கி அடித்து அடித்துத்தான் அந்தப் பட்டை எழும்பும். அது எழும்புவதைப் பார்க்காமல் ஒருவரை எழுப்பிவிட்டால் அவர் ஒன்றும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

அப்படியானால் ஆளுக்கு 35 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணி முதல் 4:30 வரை 150 நிமிடம். அதில் நான்கு சுற்றுதான் அடங்கும், 10 நிமிடம் மிஞ்சும். மூன்று தறி, நான்கு சுற்று, 12 பேர். முதல் முறை போல 23 பேர் என்றால் எட்டுச் சுற்று, 280 நிமிடம், அதாவது 4 மணி நேரம் 40 நிமிடம். அந்தச் சனிக்கிழமை நாங்கள் முடிக்க முடியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

தன் சுற்று வராதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன மரச்சட்டம் வைத்தோம். ஓர் அடி அகலம், ஒன்றரை அடி நீளம். ஜமக்காள நூலிலேயே அதில் பாவு கட்டி ஒரு சிறு விரிப்பை நெய்துகொள்ளலாம். தறியில் நெய்வதை அறுத்து ஆளுக்கொரு துண்டு கொடுக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோக இந்த விரிப்பு.

கட்டணமும் இந்த 12-இல் இருந்துதான் பிறந்தது. மூன்று நெசவாளர்கள் இரண்டு நாள் தங்கள் வேலையை நிறுத்துகிறார்கள். நாளுக்கு 1,200 வீதம் 7,200 ரூபாய். கூடத்தைச் சுத்தம் செய்ய, கரண்டுக்கு 2,000. போக்குவரத்து, அச்சுச் செலவு 1,000. எங்கள் ஆட்கள் 5 பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு 1,500. யார் வந்தாலும் வராவிட்டாலும் இந்த 11,700 ரூபாய் செலவு உண்டு. வருகிற ஒவ்வொருவருக்கும் நூலும் சட்டமும் 350, சாப்பாடு, டீ 300, ஆக 650 ரூபாய்.

கட்டணம் 2,000 வைத்தால் ஒரு டிக்கெட்டில் 1,350 நிற்கும். 11,700-ஐ அடைக்க 9 டிக்கெட் விற்க வேண்டும். 12-ம் விற்றால் 4,500 மிஞ்சும். இந்த 9 என்ற எண்ணை நான் 12-ஐ விட முக்கியமாக நினைக்கிறேன். 12 தாண்டினால் வந்தவர்களுக்கு நஷ்டம். 9-க்குக் குறைந்தால் எங்களுக்கு நஷ்டம், அப்போது நெசவாளர் கூலியில் கை வைக்கத் தோன்றும். அதனால் புதன்கிழமை ராத்திரி 8 மணிக்குள் 9 பேர் சேராவிட்டால் பயிலரங்கை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பிவிடுவது என்று முதலிலேயே முடிவெடுத்து, அதை நோட்டீஸிலும் போட்டுவிட்டோம். இதைப் போட்டால் ஆட்கள் தயங்குவார்கள் என்று தங்கச்சி பயந்தாள். ஒருவர்கூட அதனால் பின்வாங்கவில்லை. "நடக்காட்டி பணம் வந்துருமுங்ளா?" என்று கேட்கும் போன்தான் நின்றுபோனது.

நாள் பார்த்தது

கொங்குப் பக்கம் சனி, ஞாயிறில் எதை வைத்தாலும் முதலில் பஞ்சாங்கத்தைத் திறக்க வேண்டும். முகூர்த்த நாளாக இருந்தால் வருவதாகச் சொன்னவர் ஏதாவது ஒரு மண்டபத்தில்தான் இருப்பார். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் ஆடியைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் பவானியில் ஆடி 18-ஐத் தொடக் கூடாது. கூடுதுறையில் அன்று கூட்டம் நெரியும், ஊருக்குள் வண்டி நுழையாது. அது ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும். எனவே ஆடி பிறந்ததும் வரும் முதல் சனி, ஞாயிறு.

இரண்டாவது நோட்டீஸ்

அதை அப்படியே தருகிறேன். தேதியையும் நம்பரையும் மட்டும் எடுத்திருக்கிறேன்.

> பவானி ஜமக்காளம்: குழித்தறியில் நெய்து பழக இரண்டு நாள்
>
> மொத்தம் 12 இடம். மூன்று தறி இருக்கிறது, ஆளுக்கு 35 நிமிடம் தறி உறுதி.
>
> சனி: 9:30 வருகை, டீ. 10:00 நூல், சாயம், தார் சுற்றுதல். 11:15 சட்டத்தில் பாவு கட்டுதல். 1:00 சாப்பாடு. 2:00–4:30 தறி (உங்கள் சுற்று எந்த நேரம் என்று டிக்கெட்டில் இருக்கும்). 5:00 முடிவு.
>
> ஞாயிறு: 10:00 சட்டத்தில் நெய்து முடித்தல். 12:30 முடிச்சுப் போட்டு விரிப்பை எடுத்தல். 1:00 சாப்பாடு. 1:45 முடிவு.
>
> கட்டணம் 2,000 ரூபாய். நூல், சட்டம், இரண்டு மதியச் சாப்பாடு, டீ சேர்த்து. தங்குமிடம் இல்லை.
>
> யார் வரலாம்: 14 வயதுக்கு மேல். கால் மிதிக்கு எட்ட வேண்டும். குழியில் இறங்கி ஏற வேண்டும், முட்டிவலி இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவும்.
>
> புக்கிங்: (1) கீழே உள்ள ஒரே நம்பருக்கு வாட்ஸ்அப்பில் பெயர், எத்தனை பேர் என்று அனுப்பவும். (2) இடம் இருந்தால் உங்கள் இட எண்ணும் பணம் செலுத்தும் கியூஆர் கோடும் வரும். அந்த இடம் 2 மணி நேரம் உங்களுக்காக இருக்கும். (3) பணம் அனுப்பி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை அனுப்பவும். எங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு டிக்கெட் வரும். டிக்கெட் வந்தால்தான் இடம் உறுதி.
>
> புதன் இரவு 8 வரை ரத்து செய்தால் முழுப் பணம். அதன் பிறகு காத்திருப்பவர் யாராவது உங்கள் இடத்தை எடுத்தால் முழுப் பணம், இல்லாவிட்டால் திருப்ப இயலாது. உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம். புதன் இரவு 8-க்குள் 9 பேர் சேராவிட்டால் பயிலரங்கு ரத்து, எல்லோருக்கும் முழுப் பணம்.

"முந்துங்கள்" என்ற சொல் எங்கேயும் இல்லை. "மூன்று தறி, 12 இடம்" என்று காரணத்தோடு சொன்னாலே போதும், படிப்பவருக்கு அது உண்மையான எண் என்று தெரிகிறது. ஞாயிறு மதியத்தோடு முடித்ததும் யோசித்துச் செய்ததுதான். கோயம்புத்தூருக்குச் சுமார் 100 கிலோமீட்டர் திரும்ப வேண்டும், மறுநாள் வேலை நாள்.

நோட்டீஸைப் படமாகவும் எழுத்தாகவும் இரண்டு விதமாக வைத்தோம். படத்தில் தலைப்பு, தேதி, 12 இடம், கட்டணம், நம்பர் மட்டும். மற்றதெல்லாம் எழுத்தாக. முதல் முறை எல்லாவற்றையும் படத்திலேயே திணித்திருந்தோம். வாட்ஸ்அப் அதைச் சுருக்கியதும் அடி வரி எதுவும் வாசிக்க முடியவில்லை.

எங்கே அனுப்பினோம்

முதல் முறை வாட்ஸ்அப்பில் 180 பேரை ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் போட்டு அனுப்பிவிட்டு, 180 பேருக்கும் போய்விட்டது என்று இருந்துவிட்டேன். நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். ஒரு கண்காட்சியில் எங்களிடம் நம்பர் எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் என் நம்பரைச் சேமித்திருப்பார்கள்? பெரும்பாலும் யாருக்கும் கிடைத்திருக்காது.

இரண்டாம் முறை, அந்தக் கண்காட்சியில் தறியைப் பற்றி நின்று கேட்டவர்களில் 31 பேரைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்பினேன். பிறகு கோயம்புத்தூரில் தெரிந்த இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுக்கள், திருப்பூரில் துணி வடிவமைப்புச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை. செலவு ஒன்றும் இல்லை. சனிக்கிழமைக்கு 11 நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்பினோம். தினமும் ராத்திரி 8 மணிக்கு ஸ்டேட்டஸில் ஒரே ஒரு வரி: "12-இல் 4 ஆயிற்று." பணம் ஏறிய எண்ணிக்கை மட்டும். பிடித்துவைத்த இடங்களை அதில் சேர்க்கவில்லை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் பழைய எண் யார் கண்ணிலும் படாது.

புக்கிங் நடந்த விதம்

ஒரு நம்பர், ஒரு நோட்டு. நோட்டில் T01 முதல் T12 வரை பன்னிரண்டு வரி முன்கூட்டியே போட்டிருந்தோம். ஒவ்வொரு வரியிலும் பெயர், பிடித்த நேரம், விடும் நேரம், பணம் ஏறிய நேரம், பரிவர்த்தனை எண், தறிச் சுற்று. பன்னிரண்டாவது வரிக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எழுதினால் அது காத்திருப்போர் பட்டியல். தங்கச்சிக்கு யாராவது போன் செய்தால் அவளும் இந்த நம்பருக்கே அனுப்பச் சொன்னாள்.

இரண்டு மணி நேரம் என்பதைக் கொஞ்சம் தடுமாறித்தான் பிடித்தோம். ஒரு நாள் முழுக்கப் பிடித்துவைத்தால் நோட்டு நிறைந்து கிடக்கும், கையில் காசு இருக்காது, உண்மையில் வரத் துடிப்பவரிடம் "இடமில்லை" என்று சொல்ல நேரும். கால் மணி நேரம் என்றால் வீட்டில் கேட்டுச் சொல்லக்கூட ஆகாது. ராத்திரி 9-க்கு மேல் கேட்டவர்களுக்கு மறுநாள் காலை 9 வரை கொடுத்தோம். மொத்தம் 6 பேர் நேரம் தாண்டியும் பணம் அனுப்பவில்லை. "உங்கள் இடத்தை விடுவிக்கிறோம், மறுபடி வேண்டுமானால் சொல்லுங்க" என்று ஒரு செய்தி போனது. அதில் 2 பேர் திரும்பி வந்து டிக்கெட் எடுத்தார்கள்.

கியூஆர் கோடில் தொகையையும் இட எண்ணையும் சேர்த்தே வைத்தோம். அதன் உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

```
upi://pay?pa=உங்கள்-ஐடி&pn=NAME&am=2000.00&cu=INR&tn=T07
```

`am` தொகை, `tn` குறிப்பு. இதை எந்தக் கியூஆர் உருவாக்கியில் கொடுத்தாலும் படமாகக் கிடைக்கும். ஸ்கேன் செய்பவர் தொகையைத் தட்ட வேண்டியதில்லை, 200 என்று தப்பாகப் போடவும் வழியில்லை. ஆனால் `tn`-இல் போட்ட குறிப்பு எல்லா வங்கி விவரத்திலும் தெரிவதில்லை. அதனால்தான் 12 இலக்க எண்ணைத் தனியாகக் கேட்டோம். இன்னொன்றும் அனுபவத்தில் தெரிந்தது. ஒரு கணவன், மனைவிக்கு 4,000 ரூபாய்க்கு ஒரே கியூஆர் அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கேலரியில் இருந்து எடுத்துப் படித்தபோது 2,000-க்கு மேல் அனுப்ப அவர்கள் ஆப் விடவில்லை. அன்றிலிருந்து ஓர் இடத்துக்கு ஒரு கியூஆர்.

பணம் போனதாகக் காட்டும் படத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்வதை அடியோடு நிறுத்தினோம். வங்கிக் கணக்கைத் திறந்து, ஏறிய தொகையையும் எண்ணையும் நோட்டோடு ஒப்பிட்ட பிறகே டிக்கெட். இந்த முறையும் ஒருவருக்குப் பெண்டிங் ஆனது. "உங்கள் பணம் இன்னும் எங்களுக்கு வரவில்லை, T09-ஐ நாளைக் காலை வரை வைத்திருக்கிறோம், இப்போது மறுபடி அனுப்ப வேண்டாம்" என்று சொன்னோம். மறுநாள் காலை அவருக்குப் பணம் திரும்பியது, மறுபடி அனுப்பினார், ஏறியது. முதல் முறை இதே சிக்கல்தான் வாசலில் வந்து நின்றது.

டிக்கெட் என்பது ஒரு வாட்ஸ்அப் செய்திதான்: பெயர், T07, "உங்கள் தறிச் சுற்று சனி 3:10", லட்சுமி நகர் பைபாஸில் இருந்து வரும் வழி, என்ன உடுத்தி வர வேண்டும். மிதியில் மாட்டும் நீளத் துப்பட்டா, கையில் நிறைய வளையல் வேண்டாம் என்பதுவரை அதில் இருந்தது.

எண்ணிக்கை போன போக்கு

முதல் நாளில் 4. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 7. திங்களன்று ஒருவரும் இல்லை, அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. செவ்வாய் 9, மூச்சு வந்தது. புதன் சாயந்திரம் 12. காத்திருப்போர் 3. வியாழனன்று ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னார், காத்திருந்தவர்களில் முதலாமவருக்கு அந்த இடம் போனது, குழந்தையின் அம்மாவுக்கு முழுப் பணம் போனது.

விசாரித்தவர்கள் மொத்தம் 41 பேர். அவர்கள் கேட்டவை பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: சாப்பாடு சைவமா, 10 வயதுப் பிள்ளையை வேடிக்கை பார்க்கக் கூட்டி வரலாமா, கார் நிறுத்த இடம் உண்டா. மூன்றுக்கும் நோட்டீஸில் பதில் இல்லாதது எங்கள் குறைதான். நேரம், கட்டணம், எத்தனை இடம் என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை 9:50-க்குள் 12 பேரும் வந்துவிட்டார்கள். தறி 2 மணிக்கு ஓடத் தொடங்கி 4:25-க்கு நான்காம் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றில் ஒருவருக்கு ஊடை அறுந்து ஐந்து நிமிடம் போனது. மிச்சம் வைத்திருந்த 10 நிமிடம் அதற்குத்தான் உதவியது.

இப்போது நான்காவது தறிக்குப் புது மிதி போட்டாயிற்று. அப்படியானால் 16 இடம் வைக்கலாமே என்று மாமாவிடம் கேட்டேன். "தறி நாலுங் கண்ணு. பக்கத்துல நின்னு கால் புடிச்சுக் காட்டறதுக்கு ஆளு மூணுதானே?" என்றார். அடுத்த நோட்டீஸிலும் 12 என்றே போட்டிருக்கிறோம். சாப்பாடு சைவம், கார் நிறுத்த இடம் உண்டு, 14-க்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்த முறை இடமில்லை என்ற மூன்று வரிகள் மட்டும் புதிது.